எட்டு ஸ்வரத்துக்கு எஃப்.எஃப்.டி. எதற்கு? கோர்ட்செல், மோட்டார் பெட்டி, 9 அழுத்தினால் 1

கிணற்றடி | 3 ஜூன், இரவு 10.12

தோட்டத்து மோட்டாருக்கு நானே ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டிக்குள் ஒரு சிம். நாம் அழைத்தால் அதுவே எடுக்கும். 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். அழுத்திய எண்ணைக் கண்டுபிடிக்க எம்.டி. 8870 சில்லு போடாமல் அட்மெகா 328-க்குள்ளேயே முடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

பார்த்த பாதி பேர் இதற்கு எஃப்.எஃப்.டி. நூலகத்தைத்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டே ஸ்வரங்கள். கீழ் ஸ்வரம் 697, 770, 852, 941 இவற்றில் ஒன்று. மேல் ஸ்வரம் 1209, 1336, 1477, 1633 இவற்றில் ஒன்று. மொத்தம் எட்டு அதிர்வெண்தான் வேண்டும். அதற்காக 128 அதிர்வெண்ணையும் கணக்கிட்டு 120-ஐத் தூக்கிப்போடுவது கல்யாணச் சமையல் செய்து ஒருவர் சாப்பிடுவது மாதிரி. கோர்ட்செல் முறையில் ஒரு அதிர்வெண்ணுக்கு மூன்றே வரி:

```c
s0 = x + (((int32_t)c * s1) >> 14) - s2;
s2 = s1;
s1 = s0;
```

205 சாம்பிள் இப்படி ஓடிய பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை வலிமையை எடுத்தால் போதும். எஃப்.எஃப்.டி.யை விடப் பல மடங்கு வேகம். இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?

வளைவரை | 3 ஜூன், இரவு 11.40

உண்டு. "பல மடங்கு" என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? எட்டு அதிர்வெண், 205 சாம்பிள், ஆக 1640 பெருக்கல். 256 புள்ளி எஃப்.எஃப்.டி.யை ஒன்றும் யோசிக்காமல் எழுதினால் 4096 பெருக்கல். உள்ளே வருவது மெய்யெண்தான் என்பதைப் பயன்படுத்திக்கொண்டால் அதில் ஏறத்தாழ பாதி. அப்படியானால் வித்தியாசம் மடங்குக் கணக்கிலேயே இல்லை. எட்டுக்குப் பதில் பதினாறு அதிர்வெண் கேட்டால் கோர்ட்செல் தோற்றுவிடும்.

கிணற்றடி | 4 ஜூன், காலை 6.05

ராத்திரி எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. "பல மடங்கு" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் எண்ணும்போது வேறொன்று தென்பட்டது. 328-ல் இருப்பதே 2048 பைட் நினைவகம். 256 புள்ளிக்கு மெய், கற்பனை இரண்டையும் 16 பிட்டில் வைத்தால் 1024 பைட், அதாவது பாதி வீடு காலி. கோர்ட்செல்லுக்கு ஒரு அதிர்வெண்ணுக்கு s1, s2 என்று இரண்டு எண்தான். எட்டுக்கும் சேர்த்து 32 பைட். சாம்பிள்களைச் சேர்த்து வைக்கவே வேண்டாம். வந்ததும் எட்டு வடிகட்டிக்கும் ஊட்டிவிட்டு மறந்துவிடலாம். 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்கு 2000 சுழற்சி கிடைக்கிறது, வேலையும் சீராகப் பரவுகிறது. எஃப்.எஃப்.டி. என்றால் 256 வரும்வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் மூச்சுமுட்ட ஓட வேண்டும்.

வளைவரை | 4 ஜூன், காலை 9.20

அதுதான் உண்மையான காரணம். இன்னொன்றும் உண்டு. 8000 சாம்பிள் வேகத்தில் 256 புள்ளி எடுத்தால் 31.25 ஹெர்ட்ஸுக்கு ஒரு கட்டம். 770 அங்கே 24.64-ஆவது கட்டத்தில், இரண்டு கட்டங்களுக்கு நடுவில் போய் விழும். ஆற்றல் இரண்டிலும் சிதறும். கோர்ட்செல்லில் நீளம் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டியதில்லை, நமக்கு வேண்டிய நீளத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஜெரால்ட் கோர்ட்செல் இதை வெளியிட்டது 1958-ல். அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி சேவை தொடங்கியது 1963-ல், கூலியும் டூக்கியும் எஃப்.எஃப்.டி. கட்டுரை எழுதியது 1965-ல். தொலைபேசிக்காகப் பிறந்த முறை அல்ல இது. ஆனால் வந்து பொருந்திவிட்டது.

மூன்றாமாண்டு | 4 ஜூன், மாலை 4.33

அண்ணா, 205 என்று எடுப்பதே எட்டு அதிர்வெண்ணும் சரியாகக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதற்காகத்தானே? எங்கள் லேப் நோட்டில் கட்ட எண் 18, 20, 22, 24, 31, 34, 38, 42 என்று கொடுத்திருக்கிறார்கள். வேறு நீளம் எடுத்தால் முறையே வேலை செய்யாது என்று சார் சொன்னார்.

வளைவரை | 4 ஜூன், மாலை 5.15

பாதி சரி. முழுக் கட்டத்துக்கு வட்டமாக்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டால், எட்டும் ஓரளவு கிட்ட வந்து விழுகிற நீளம் 205. ஆனால் வட்டமாக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கெழு c-யில் நேராக `2*cos(2*pi*697/8000)` போடு, 1.7077 வரும். 18-ஆவது கட்டத்தை வைத்துச் செய்தால் 1.7033. வலிமைக்கான சூத்திரம்

```
P = s1*s1 + s2*s2 - c*s1*s2
```

எந்த அதிர்வெண்ணுக்கும் பொருந்தும், முழுக் கட்டமாக இருக்க வேண்டியதில்லை. நோட்டு தப்பில்லை. அது எஃப்.எஃப்.டி. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதிய நோட்டு.

மூன்றாமாண்டு | 4 ஜூன், மாலை 5.50

சரிங்க அண்ணா. நான் கேட்க வந்தது வேறு. என் ஆர்டுயினோவில் 9 அழுத்தினால் 1 காட்டுகிறது. ஹாஷ் அழுத்தினால் 4. மற்ற எதை அழுத்தினாலும் ஒன்றுமே வருவதில்லை. கீபேட் பழுதா? இரண்டு போன் மாற்றிப் பார்த்துவிட்டேன். ரிவ்யூ வெள்ளிக்கிழமை.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | 4 ஜூன், இரவு 8.02

தம்பி, கீபேடில் ஒயர் மாறியிருக்கும். நான் பார்த்தவரை எண் மாறி வந்தால் பத்தில் எட்டு தடவை மேட்ரிக்ஸ் ரிப்பன்தான்.

கிணற்றடி | 4 ஜூன், இரவு 8.30

ஐயா, இரண்டு போனிலும் ஒரே மாதிரி மாறுமா? ஆனால் 9 ஏன் 1 ஆகிறது என்று எனக்கும் புரியவில்லை. யோசிக்கிறேன்.

கிணற்றடி | 5 ஜூன், காலை 5.40

பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். தம்பி, சாம்பிள் எடுக்க ஏ.டி.சி.யைத் தானாக ஓடும்படி விட்டு, பிரிஸ்கேலரை 128-லேயே வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் 16 மெகாஹெர்ட்ஸ் வகுத்தல் 128, ஏ.டி.சி.க்கு 125 கிலோஹெர்ட்ஸ். ஒரு மாற்றத்துக்கு 13 துடிப்பு. ஆகவே நீ எடுப்பது நொடிக்கு 9615 சாம்பிள். கெழு மட்டும் 8000-க்குப் போட்டது.

இனி கணக்கு. உன் நிரலின் கண்ணில் எல்லா அதிர்வெண்ணும் 8000/9615 மடங்கு சுருங்கித் தெரியும். 9-ல் இருப்பது 852, 1477. சுருங்கினால் 709, 1229. அவை 697-க்கும் 1209-க்கும் அருகில் வருகின்றன, அதாவது 1. ஹாஷ் என்பது 941, 1477. சுருங்கினால் 783, 1229. இது 770, 1209 பக்கம், அதாவது 4. மற்ற பொத்தான்களை எடுத்துப் பார். 5 என்றால் 641, 1112. இரண்டும் எதற்கும் ஒட்டாது. 0 என்றால் கீழ் ஸ்வரம் 783-க்கு வந்து ஒட்டும், மேல் ஸ்வரம் ஒட்டாது. அதனால்தான் மௌனம்.

சரிபார்ப்பது சுலபம். இன்டரப்ட்டுக்குள் ஒரு பின்னை மாற்றி மாற்றி விடு. மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து அந்தப் பின்னைத் தொடு. 4000 காட்டினால் நான் சொன்னது தப்பு. 4800-ஐ ஒட்டி வந்தால் இதுதான்.

மூன்றாமாண்டு | 5 ஜூன், மதியம் 1.10

4806!!! அண்ணா, கோயில் கட்டலாம் உங்களுக்கு. கெழுவை 9615-க்கு மாற்றிப் போட்டேன், எல்லா எண்ணும் வருகிறது.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | 5 ஜூன், இரவு 7.45

சரி, என் ரிப்பன் தோற்றது. பத்தில் மிச்சம் இரண்டு இதுதான் போலிருக்கிறது.

வளைவரை | 5 ஜூன், இரவு 9.00

இப்படியே விட்டாலும் ஓடும். டைமர் 1-ஐ 8-ஆல் வகுத்து 250 எண்ணிக்கைக்கு ஒருமுறை ஏ.டி.சி.யைத் தூண்டினால் துல்லியமாக 8000 கிடைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். `analogRead()` வைத்துச் செய்வதை மறந்துவிடு. ஒரு அழைப்புக்கே நூறு மைக்ரோ நொடிக்கு மேல் போய்விடும், உனக்கு இருப்பது 125.

கிணற்றடி | 8 ஜூன், இரவு 9.25

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே மாட்டிக்கொண்டேன். என் பெட்டியில் மேல் ஸ்வரம் எப்போதும் சரியாக வருகிறது, கீழ் ஸ்வரம் தாறுமாறு. 5 அழுத்தினால் 2, 8, 0 என்று ஏதோ ஒன்று. கீழ் அதிர்வெண்கள் கப்பாசிட்டரில் அடிபடுகின்றன என்று நினைத்து அதை இரண்டு முறை பெரிதாக்கிவிட்டேன். பலன் இல்லை. விசித்திரம் என்னவென்றால், ஒலியளவைக் குறைத்தால் சரியாகிறது.

வளைவரை | 8 ஜூன், இரவு 10.50

குறைத்தால் சரியாகிறது என்றால் கப்பாசிட்டரை விட்டுவிடுங்கள். s1 எத்தனை பிட்?

கிணற்றடி | 8 ஜூன், இரவு 10.58

16.

வளைவரை | 8 ஜூன், இரவு 11.35

இந்த வடிகட்டியை ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். சரியான தாளத்தில் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் உயரம் கூடிக்கொண்டே போகும், எந்த உராய்வும் அதை நிறுத்தாது. 205 சாம்பிள் முடிவில் s எட்டும் உயரம் `A*N/(2*sin(w))`. கீழே இருப்பது சைன், ஆகவே தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அதிக உயரம்.

10 பிட் ஏ.டி.சி.யில் நடுப்புள்ளி 512-ஐக் கழித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரத்த எண் ஒன்றில் இரண்டு ஸ்வரமும் ஆளுக்கு 256 வீச்சு எடுத்துக்கொள்ளும். 697-க்கு ஊஞ்சல் 50,400 வரை போகும். 941-க்கு 39,000. 16 பிட்டின் கூரை 32,767. ஆகவே நான்கு கீழ் ஸ்வரமும் கூரையில் இடித்து எதிர்க்குறிக்குப் புரண்டுவிடும். 1633-க்கு 27,400 மட்டுமே, தப்பித்துவிடும். 1209 எவ்வளவு தெரியுமா? 32,300. மயிரிழை. அதோடு அடுத்த ஸ்வரத்தின் கசிவும் சேரும். முதல் நெடுவரிசையான 1, 4, 7, ஸ்டார் மட்டும் எப்போதாவது மேல் ஸ்வரத்திலும் தடுமாறுகிறதா என்று பாருங்கள்.

கிணற்றடி | 9 ஜூன், காலை 6.20

தடுமாறுகிறது. 4, 7 இரண்டும். அதை லைன் சத்தம் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன்.

சாம்பிளை உள்ளே விடும் முன் நான்கால் வகுத்துவிட்டேன். 697-ன் உச்சம் இப்போது 12,600-க்குள் நிற்கிறது. s-ஐ 32 பிட் ஆக்கலாம் என்றுதான் முதலில் போனேன். ஆனால் அப்போது வலிமைக் கணக்கில் வரும் s1*s1 பெருக்கல் 32 பிட்டுக்குள் அடங்குவதில்லை, 64 பிட்டுக்குத் தாவ வேண்டும், இந்தச் சில்லு அதற்கு அழுகிறது. வகுத்ததில் மெல்லிய ஒலி கொஞ்சம் போகும், போகட்டும். 697-ன் கெழு 27980, யாருக்காவது உதவும்.

மூன்றாமாண்டு | 9 ஜூன், மாலை 6.40

ரிவ்யூ முடிந்தது. ஒரு கேள்வியில் மாட்டினேன். "துருவம் அலகு வட்டத்தின் மேலேயே இருக்கிறதே, இது நிலையற்ற வடிகட்டி இல்லையா?" என்றார்கள். விழித்தேன்.

வளைவரை | 9 ஜூன், இரவு 9.10

விளிம்பில் இருக்கிறது, உண்மை. நிறுத்தாமல் ஓடவிட்டால் வட்டமாக்கும் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆனால் ஒவ்வொரு 205-க்கும் s1, s2-ஐப் பூஜ்யமாக்கிவிடுகிறோமே. 25.6 மில்லி நொடிதான் அதற்கு ஆயுசு. அதற்குள் கெட்டுப்போக நேரமில்லை. அந்தப் பூஜ்யமாக்கும் வரியை மறந்தவர்களுக்குத்தான் முதல் எண் சரியாக வந்து, பிறகு எல்லாம் குழம்பும்.

பம்ப்செட்_பாலு | 10 ஜூன், காலை 11.00

எதற்கு இவ்வளவு? சிம் 800 மாட்யூலில் `AT+DDET=1` போட்டால் அதுவே `+DTMF: 1` என்று எழுதித் தரும். நான் நாலு பெட்டி அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கிணற்றடி | 10 ஜூன், மதியம் 12.15

ஓட்டுங்கள், தப்பில்லை. என்னிடம் இருப்பது பழைய பட்டன் போன், ஹெட்செட் ஒயரிலிருந்துதான் ஒலி எடுக்கிறேன். அதோடு, அந்தக் கட்டளை எதை எண் என்று ஏற்கிறது, எதை மறுக்கிறது என்பது நம் கையில் இல்லை. இப்போது என் தலைவலியே அதுதான். அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

கிணற்றடி | 14 ஜூன், இரவு 11.30

நேற்று மோட்டார் தானாக ஓடியது.

தானாக இல்லை. அப்பா பெட்டியை அழைத்திருக்கிறார், அது எடுத்துவிட்டது. எண்ணை அழுத்துவதற்குள் வாய்க்காலில் நின்றவரைப் பார்த்து "ஏய், மடையை அடைடா" என்று கத்தியிருக்கிறார். பெட்டி அதை 1 என்று எடுத்துக்கொண்டது. என் நிரல் செய்ததெல்லாம், எட்டில் எது பெரிது என்று பார்த்து ஒரு வரம்பைத் தாண்டினால் ஏற்றுக்கொண்டதுதான்.

பேச்சு எப்படி 1 ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குரல் 174 ஹெர்ட்ஸில் எழும்பினால் அதன் நான்காம் மடங்கு 696, ஏழாம் மடங்கு 1218. வேறென்ன வேண்டும்?

பழைய_எக்ஸ்சேஞ்ச் | 15 ஜூன், காலை 7.15

இதற்குப் பெயர் டாக்-ஆஃப், தம்பி. எண்ணைக் கண்டுபிடிப்பது வேலையே இல்லை. எண் அல்லாததை விடாமல் இருப்பதுதான் வேலை. ரிசீவர் கார்டு சோதிக்கும்போது பேச்சு டேப் போட்டு எத்தனை தடவை ஏமாறுகிறது என்று எண்ணுவார்கள்.

வளைவரை | 15 ஜூன், காலை 10.05

அந்தக் கத்தலில் 696-ம் 1218-ம் மட்டுமா இருந்தன? 522, 870, 1044 எல்லாமே இருந்தன. உண்மையான எண்ணில் இரண்டு ஸ்வரம் தவிர வேறெதுவும் இராது. அந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு ஒன்பதாவது கணக்கு வையுங்கள். ஒவ்வொரு சாம்பிளின் வர்க்கத்தையும் கூட்டிக்கொண்டே வந்தால் தொகுதியின் மொத்த ஆற்றல் E கிடைக்கும். சுத்தமான இரட்டை ஸ்வரத்தில்

```
R = 2*(P_low + P_high) / (N*E)
```

ஏறக்குறைய 1 வரும். பேச்சில் ஆற்றல் பல இடத்துக்குப் பிரிந்துபோவதால் R சரியும். எஃப்.எஃப்.டி. போட்டவர்கள் மற்ற கட்டங்களைக் கூட்டி இதைச் செய்வார்கள். நமக்கு ஒரு சாம்பிளுக்கு ஒரு பெருக்கல்தான் கூடுதல். கூடவே இன்னொன்று, வென்ற கீழ் ஸ்வரம் மற்ற மூன்றையும் விட நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். உங்கள் அப்பா குரலின் 870 மூன்றாம் வரிசை 852-ஐயும் உசுப்பியிருக்கும், அங்கேயே சிக்கியிருக்கும்.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | 15 ஜூன், மாலை 4.20

R கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் அப்படியே போட்டால் முதல் எண்ணே விழாது. ரிசீவரைத் தூக்கியதும் டயல் டோன் ஓடிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் அது 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் 400 ஹெர்ட்ஸ். முதல் எண் அதன் மேலேதான் வந்து விழும். E-யில் டயல் டோனும் சேர்ந்து R கவிழ்ந்துவிடும். அதனால்தான் ரிசீவர் முகப்பிலேயே டயல் டோனை வெட்டும் வடிகட்டி இருக்கும்.

கிணற்றடி | 15 ஜூன், இரவு 9.50

என் பெட்டியில் டயல் டோன் இல்லை. ஆனால் "மோட்டார் ஆன் செய்ய ஒன்றை அழுத்தவும்" என்று நான் பதிந்த குரல் ஓடுகிறது, அதன் எதிரொலி அப்பாவின் போனைச் சுற்றித் திரும்பி வருகிறது. அவரோ அது முடியும்வரை பொறுப்பதில்லை. ஆக எனக்கும் ஐயா சொன்ன அதே கதைதான்.

600-க்குக் கீழே வெட்டிவிட்டு E கூட்டிப் பார்த்தேன். எண்கள் நன்றாக விழுந்தன. ஆனால் குரலின் கனமான பகுதியும் கீழேதான் இருக்கிறது. அதை வெட்டினால் பேச்சுக்கும் R உயர்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. வெட்டாமல் விட்டு, எண் வரக்கூடும் என்ற சந்தேகம் தட்டியதும் குரலை நிறுத்துவது என்று மாற்றிக்கொண்டேன். முதல் தொகுதி வீணாகும், இரண்டாவதில் பிடித்துவிடும்.

மூன்றாமாண்டு | 16 ஜூன், காலை 8.00

ஒரு எண் குறைந்தது 40 மில்லி நொடி இருந்தால் ஏற்க வேண்டும் என்று படித்தேன். 25.6 மில்லி நொடித் தொகுதியில் இரண்டு வேண்டும் என்றால் 51 ஆகிவிடுமே?

வளைவரை | 16 ஜூன், காலை 9.30

நல்ல கேள்வி. இரண்டு ஏன், ஒரு முழுத் தொகுதி உள்ளே அமையும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை. ஸ்வரம் தொகுதியின் நடுவில் தொடங்கலாமே. அதனால் சிலர் நீளத்தை 102-க்குக் குறைத்து, தொடர்ந்து இரண்டு தொகுதி ஒத்துப்போக வேண்டும் என்று வைப்பார்கள். 12.75 மில்லி நொடி. 40-க்குள் எங்கே தொடங்கினாலும் இரண்டு முழுசாக அடங்கும். விலை என்ன? கட்ட அகலம் 78 ஹெர்ட்ஸ். 697-க்கும் 770-க்கும் இடைவெளி 73 தான். கூர்மை மழுங்கும்.

கிணற்றடி | 16 ஜூன், இரவு 8.15

அப்பா ஒரு பொத்தானை அழுத்தினால் அரை நொடி விடமாட்டார். 205-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

பம்ப்செட்_பாலு | 17 ஜூன், காலை 10.40

கீழ் ஸ்வரமும் மேல் ஸ்வரமும் எவ்வளவு ஏற்றத்தாழ்வு வரை ஏற்கிறீர்கள்? ஒரு பக்கம் 8 டெசிபெல், மறு பக்கம் 4 என்று வைக்கச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் எட்டு என்பதுதான் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | 17 ஜூன், மாலை 5.05

நீளமான கேபிளில் மேல் ஸ்வரம்தான் அதிகம் தேயும். ஆகவே மேல் ஸ்வரம் 8 வரை தாழலாம் என்பதே நியாயம்.

வளைவரை | 17 ஜூன், இரவு 7.30

கேபிளுக்குச் சரி. கைபேசியில் அந்தக் கேபிளே இல்லை. அழுத்திய ஆளின் போன் ஸ்வரத்தை அனுப்புவதில்லை, இன்ன பொத்தான் என்று செய்தி அனுப்புகிறது. ஸ்வரத்தை உண்டாக்குவது நெட்வொர்க். பெட்டியின் பக்கம் வரும்போது அது பேச்சுக்காகச் செய்த சுருக்கியைத் தாண்டி வருகிறது. அந்தச் சுருக்கி இரட்டை ஸ்வரத்தை எப்படிக் கோணலாக்கும் என்பதற்கு ஒரே விதி சொல்ல முடியாது. நான் இரு பக்கமும் 8 வைப்பேன்.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | 17 ஜூன், இரவு 8.10

இரு பக்கமும் எட்டு வைத்தால் பேச்சுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கிணற்றடி | 23 ஜூன், இரவு 10.20

ஒரு வாரப் பதிவு. R-க்கு முதலில் 0.8 வைத்தேன். வீட்டில் மேசைமேல் சோதித்தபோது எல்லா எண்ணும் 0.95-க்கு மேல். தோட்டத்தில் சிக்னல் மெலிந்த இடத்தில் அதே எண்கள் 0.7-க்கும் கீழே இறங்குகின்றன. வளைவரை சொன்ன சுருக்கிதான் காரணமாக இருக்க வேண்டும். 0.6-க்கு இறக்கினேன். அப்பாவை மறுபடி கத்தச் சொல்லிப் பதிந்த ஒலியில் பெரும்பாலானது 0.4-க்குக் கீழே நிற்கிறது, ஆனால் "ஏஏய்" என்று இழுக்கும் இடத்தில் ஒரு தொகுதி 0.58 தொட்டது. 0.6-க்கும் 0.58-க்கும் நடுவில் மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

ஏற்றத்தாழ்வு இரு பக்கமும் 6. இரண்டு பேரும் திட்டலாம்.

கிணற்றடி | 24 ஜூன், காலை 6.10

கடைசியில் நிரலைத் தொடாமல் பழக்கத்தை மாற்றினேன். ஓட்டுவதற்கு 1, பிறகு மூன்று நொடிக்குள் ஹாஷ். நிறுத்துவதற்கு மட்டும் 2 ஒன்றே போதும், தப்பாக நின்றால் யாருக்கும் ஆபத்தில்லை. அப்பாவிடம் சொன்னேன். "முன்னாடி இருந்த பெட்டிக்கு ஒரு பட்டன்தானே" என்றார்.

மூன்றாமாண்டு | 24 ஜூன், காலை 9.45

அண்ணா, அந்த "ஏஏய்" பதிவைக் கொஞ்சம் ஏற்றுங்களேன். 102 நீளத்தில் என்ன வருகிறது என்று பார்க்கிறேன்.